பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவது எப்படி?

முன்பக்கம் எழுதியிருக்கும் 'ஆட்டா', 'மல்டிகிரெய்ன்' எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே பின்பக்க அட்டவணைக்குப் போங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இதற்கென்று தனி ஆப் எல்லாம் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

முதலில் 'சர்வ்' அளவு, அதாவது ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கம்பெனி சொல்லும் அளவு. பலரும் சறுக்கும் இடம் இதுதான். 3 பிஸ்கட், 30 கிராம் என்று போட்டிருப்பான், நம் வீட்டில் 3 பிஸ்கட்டோடு நிறுத்தும் பிள்ளை உண்டா? அதனால் 100 கிராம் கணக்கை எடுத்துக்கொண்டு, பிள்ளை உண்மையில் சாப்பிடும் அளவுக்குப் போடுங்கள். கிரீம் பிஸ்கட் ஒன்றில் 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 35 கிராம் என்று வையுங்கள். 6 பிஸ்கட், அதாவது 60 கிராம் உள்ளே போனால் 21 கிராம் சர்க்கரை, 4 ஸ்பூனுக்கு மேல். நாளுக்கு சுமார் 1,300 கலோரி சாப்பிடும் 5 வயதுப் பிள்ளைக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10% உச்சவரம்பே 32 கிராம்தான்.

அடுத்து சதவீதம். அட்டவணையில் இருக்கும் ஆர்.டி.ஏ. சதவீதம், அதாவது ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் அளவில் எத்தனை சதவீதம் என்பது, 2,000 கலோரி சாப்பிடும் பெரியவர்களுக்கானது. பிள்ளைக்கு அதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

இப்போது உப்பு. நம் ஊர் லேபிளில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் உப்பு கிராமில் கிடைக்கும். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 840 மி.கி. சோடியம் இருந்தால் 2.1 கிராம் உப்பு. லேபிள் அதைப் பெரியவருக்கு 42% என்று காட்டும். பிரிட்டனில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 3 கிராம் உப்புதான் உச்சம், அந்தக் கணக்கில் இது 70%. இட்லி, சாம்பார், அப்பளத்தில் இருப்பது தனி.

மசாலா பாதி போட்டால் உப்பும் பாதியாகுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். குறையும், ஆனால் பாதியாகாது, ஏனென்றால் நூடுல்ஸ் கட்டியிலேயும் உப்பு உண்டு.

கொழுப்பில் எனக்கு மொத்தத்தைவிட 'சாச்சுரேட்டட்' வரிதான் முக்கியம், பாமாயிலில் பொரித்த சிப்ஸிலும் நூடுல்ஸிலும் அது ஏறும். இரண்டு பாக்கெட் இருந்தால் 100 கிராம் வரியை வைத்து ஒப்பிடுங்கள். சர்வ் அளவு ஆளுக்கொன்று, அதை வைத்து ஒப்பிட்டால் சின்ன சர்வ் போட்டவன் ஜெயித்துவிடுவான்.

சேர்க்கை: வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பிரிட்டன் லேபிளில் நேரடியாக உப்பு என்றே இருக்கும், அங்கே 2.5 பெருக்கல் வேண்டாம்.