கூச்சக்காரர்கள் புது ஊரில் நட்பைத் தவறவிடும் இடங்கள்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் புது ஊரில் தனியாகிப் போவதற்குக் காரணம் பேசத் தெரியாதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கோட்டை விடுவது சேர்ந்து செலவிடும் மணிகளின் கணக்கில்தான். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது.

வாரம் 2 மணி நேரம் நடக்கும் ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 மணி நேரம் சேர 25 வாரம், அதாவது கிட்டத்தட்ட அரை வருடம். நான்காவது வாரமே "இங்கே யாரும் ஒட்டவில்லை" என்று வேறு குழுவுக்குத் தாவினால், அங்கே கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் தவறு இதுதான். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத, அதே முகங்கள் வாராவாரம் வரும் குழு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கூத்தாக நடக்கும் பெரிய சந்திப்புகள் கூச்சக்காரர்களுக்குக் கொஞ்சமும் தோதுப்படாது.

அடுத்த தவறு, சரியாக மணி அடிக்கும்போது நுழைந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுவது. வகுப்புக்குள் எல்லோரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு நடப்பது முன்னும் பின்னும்தான். பத்து நிமிடம் முன்னால் போனால் உள்ளே இருவரோ மூவரோதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் பேசுவது சுலபம். கூட்டம் சேர்ந்த பிறகு நுழைந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்குள் தலையை நீட்ட வேண்டியிருக்கும். கையில் போன் வேண்டாம். உங்களுக்கு அது கவசம், எதிரில் இருப்பவருக்கோ "தொந்தரவு செய்யாதே" பலகை.

ஐந்தாறு வாரம் பழகிய பிறகும் "ஒருநாள் பார்ப்போம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதால் அப்படியே கரைந்துவிடும். "சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தூரிகை வாங்கப் போகிறேன், அரை மணி நேரம் ஆகும், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். நாள், வேலை, முடியும் நேரம் மூன்றும் அதில் இருக்கின்றன. எப்போது முடியும் என்று தெரிந்தால் அவருக்கும் சம்மதிக்க எளிது, உங்களுக்கும் படபடப்பு குறையும். "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம்?" என்று பதில் வந்தால் ஆர்வம் இருக்கிறது என்று பொருள். இரண்டு முறை கேட்டும் மாற்று நாள் எதுவும் வராவிட்டால், அவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கேளுங்கள். குழுவை விட வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, பேசியதையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து "உளறிவிட்டேன்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். உளவியலாளர் எரிகா பூத்பி குழுவினரின் 2018 ஆய்வில், முதன்முறை பேசிக்கொண்டவர்கள் எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்சம் கூடியவர்களிடம் அந்த இடைவெளியும் கூடுதலாக இருந்தது. அதனால் அன்றிரவு மனம் சொல்வதை நம்பாதீர்கள். மறுவாரம் அவர் தானாக வந்து பேசுகிறாரா, போன வாரம் நீங்கள் சொன்னது எதையாவது நினைவில் வைத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள்.