ஆஃப் பாயில், கலக்கி, பச்சை முட்டை: கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஏன் தவிர்க்க வேண்டும்?

முட்டை சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், "முட்டை கெட்டுப் போயிருந்ததா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. சால்மொனெல்லா கிருமி உள்ள முட்டை நாறாது, தண்ணீரில் போட்டால் மிதக்காது. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு உருண்டையாகவும் வெள்ளைக் கரு கெட்டியாகவும் நல்ல முட்டை போலவே இருக்கும். மிதக்கும் முட்டை என்றால் அது பழைய முட்டை, உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகிவிட்டது என்று மட்டும்தான் பொருள். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

கிருமி முட்டைக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: கோழியின் எச்சம் ஓட்டில் ஒட்டுவது. இன்னொன்றுதான் பலருக்கும் தெரியாதது. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை, கோழியின் சினைப்பையிலும் முட்டைக் குழாயிலும் குடியேறிவிடும். கோழி நன்றாகத்தான் இருக்கும், தீவனம் தின்னும், வழக்கம் போல முட்டையிடும். ஆனால் ஓடு உருவாகும் முன்பே கிருமி முட்டைக்குள் போயிருக்கும். ஆகவே ஓடு பளிச்சென்று இருக்கிறது, பண்ணையிலிருந்து இன்று வந்தது, வீட்டில் வளர்த்த நாட்டுக்கோழி முட்டை என்பதெல்லாம் பச்சையாகக் குடிப்பதற்கு உத்தரவாதம் ஆகாது. நாட்டுக்கோழி குப்பையைக் கிளறித்தான் மேய்கிறது. அதற்கும் இந்தக் கிருமி வரும்.

வாங்கி வந்ததும் முட்டையைக் கழுவி வைப்பது பல வீடுகளில் பழக்கம். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியபடி மெல்லிய படலம் ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. கழுவித் தேய்க்கும்போது அது போய்விடும். வெயிலில் சூடாகி வந்த முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே உள்ள அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், சமைக்கப் போகும் நேரத்தில் கழுவுங்கள். கீறல் விட்ட முட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும். வெள்ளைக் கருவில் கிருமிக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. அதனால் முட்டை புதிதாக இருக்கும்வரை உள்ளே புகுந்த சில கிருமிகள் பெருக முடியாமல் கிடக்கும். நாள் ஆக ஆக மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்துபோகும். மஞ்சள் கருவின் சத்து கிருமிக்குக் கிடைத்துவிட்டால் அப்புறம் பெருக்கம் வேகமெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கடைத் திண்ணையில் அட்டையோடு அடுக்கி வைத்த முட்டையில் இந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் நடக்கிறது.

மஞ்சள் கரு ஒழுகினால் வேகவில்லை

"பச்சையாகக் குடிப்பதுதானே ஆபத்து, ஆஃப் பாயில் வெந்ததுதானே?" என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு. வெள்ளைக் கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கிவிடும். மஞ்சள் கரு 65 டிகிரிக்கு மேல்தான் கெட்டிப்படத் தொடங்கும், 70 டிகிரி வாக்கில் முழுதாக உறையும். முட்டை சேர்த்த உணவின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. அந்தச் சூட்டில் சால்மொனெல்லா நொடிகளில் செத்துவிடும். ஆக, தெர்மாமீட்டர் இல்லாத நம் அடுப்படியில் மஞ்சள் கருதான் அளவுகோல். அது ஒழுகினால், கிருமி சாகும் சூட்டை அது எட்டவில்லை.

தோசைக்கல்லில் ஆஃப் பாயில் போடும்போது அடிப்பக்கம் சலசலவென்று பொரியும், ஓரம் முறுகும். மேலே மிளகுத்தூள் தூவிய மஞ்சள் கருவோ குலுங்கிக்கொண்டே இருக்கும். கல்லின் சூடு அதைச் சரியாகத் தொடுவதே இல்லை. கலக்கியில் இது இன்னும் மோசம். சால்னா சேர்த்து அடித்து, கல்லில் ஊற்றி, வெளிப்பக்கம் படிந்ததும் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். அடிக்கும்போது மஞ்சள் கருவும் வெள்ளையும் ஒன்றாகிவிடுவதால், கிருமி இருந்தால் வேகாத நடுப்பகுதி முழுக்கப் பரவியிருக்கும். வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும் அந்த மென்மைதான் அதன் ருசி, அதன் ஆபத்தும் அதுவேதான்.

கர்ப்பிணிக்கோ வயதானவருக்கோ செய்யும்போது, ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டு, நடுவே ஈரம் இல்லாதபடி வேகவிடுங்கள். ஃபுல் பாயில் என்றால் மஞ்சள் கருவை உடைத்துவிட்டுத் திருப்பிப் போட வேண்டும். அவித்த முட்டைக்கு, தண்ணீர் கொதித்த பிறகு 10 முதல் 12 நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் இன்னும் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாக அறுத்தால் நடுவில் பிசுபிசுப்பான கரும்மஞ்சள் வட்டம் தெரியக் கூடாது.

ஒரு மிக்ஸி மயோனைஸ்

வீட்டில் ஒருவர் ஒரு முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிடுவதற்கும், கடையில் பல முட்டைகளை ஒன்றாக உடைத்து ஊற்றுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் முன்பு செய்த ஒரு மதிப்பீட்டின்படி, 20,000 முட்டைகளில் ஒன்றுக்குள் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் இருக்கலாம். கேட்கும்போது மிகக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஒரு அட்டை, அதாவது 30 முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்தால், அந்தப் பாத்திரத்துக்குக் கிருமி வரும் வாய்ப்பு முப்பது மடங்காகிறது. ஒரு முட்டையில் இருந்தது முப்பதிலும் கலந்து, அதைத் தொட்டுச் சாப்பிடும் அத்தனை பேருக்கும் போகிறது.

ஷவர்மா கடையில் மதியம் அரைத்த பச்சை முட்டை மயோனைஸ், சூடான அடுப்புக்குப் பக்கத்திலேயே இரவு வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான இடத்தில் அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், ஒரு கிருமி ஆறு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். எலுமிச்சைச் சாறு விட்டிருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். ருசிக்காகப் பிழியும் அளவு புளிப்பை நம்பிக் கிருமி செத்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் தடை போட்டது இப்படிப்பட்ட காரணங்களால்தான். முட்டை சேர்க்காத மயோனைஸ், அல்லது சூட்டில் கிருமி நீக்கிய முட்டையில் செய்து பாட்டிலில் வருவது இதில் சேராது. கடையில் எதைப் போடுகிறார்கள் என்று தெரியாவிட்டால், கர்ப்பிணிகள் மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

யாருக்கு ஏன்?

ஆரோக்கியமான ஒருவருக்கு இது பெரும்பாலும் சில நாள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதியோடு போய்விடும். வயதானவர்களுக்கு அப்படி இல்லை. இரைப்பை அமிலம்தான் கிருமிக்கு முதல் தடை. வயதாகும்போது அது குறையலாம். அதோடு, காலையில் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்குத் தடை இன்னும் தளர்ந்துவிடுகிறது. "அப்பாவுக்குப் பல் இல்லை, ஆஃப் பாயில்தான் மெல்லச் சுலபம்" என்று கொடுக்கும் வீடுகள் நிறைய. அவருக்குக் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பேதியில் நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகமும் சீக்கிரம் அடிபடும். முட்டையை நன்றாகப் பொடிமாஸ் செய்து, சோற்றில் குழைத்துக் கொடுத்தால் மெல்லுவதும் சுலபம்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி குழந்தையை நேராகத் தாக்குவது அபூர்வம். கடும் காய்ச்சலும் நீர்ச்சத்து இழப்பும்தான் கவலை, அவை முன்கூட்டியே பிரசவ வலியைக் கிளப்பிவிடலாம். வழக்கமாக எழுதும் ஆன்டிபயாடிக்குகளில் சிலவற்றை மருத்துவர்கள் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள் என்பதால் சிகிச்சையும் சிக்கலாகிறது. கைக்குழந்தைகள், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோரும் இதே வரிசையில் வருகிறார்கள்.

நம் ஊரில் பெண் பூப்பெய்தினால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம். மாசமாக இருக்கும் பெண்ணுக்கும் பாலில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அன்பில் செய்வதுதான், ஆனால் எதிர்பார்க்கும் பலம் அதில் கிடைப்பதில்லை. வெந்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதத்தை உடல் எடுத்துக்கொள்கிறது, பச்சை முட்டையில் பாதியைத்தான். "அத்தை, முட்டையை வேக வச்சே குடுங்க, அதுலதான் சத்து அதிகமா ஒட்டும்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

இணையத்தில் பிரிட்டன் தளங்களைப் படித்துவிட்டு, கர்ப்பிணிகள் ஒழுகும் மஞ்சள் கரு சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறிவுரை உண்மைதான், அது எந்த முட்டைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மொனெல்லா இருக்கிறது என்று சொல்ல, முட்டை விற்பனை சரிந்தது, அவர் பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகு 1998-இல் கோழிகளுக்குத் தடுப்பூசி, பண்ணைப் பரிசோதனை, முட்டைக்கு முட்டை சிங்க முத்திரை என்று ஒரு ஏற்பாடு வந்தது. இத்தனைக்கும் பிறகு, 2017-இல்தான் சிங்க முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்றார்கள். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களுக்கு அப்போதும் விதிவிலக்கு வைத்தார்கள். நம் தெருக்கடை அட்டையில் இருப்பது அந்த முத்திரை முட்டை இல்லை. ஆகவே அந்த அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சாப்பிட்டாயிற்று, இப்போது?

அறிகுறி 6 மணி நேரத்திலும் வரலாம், 6 நாள் கழித்தும் வரலாம். நேற்று இரவு சாப்பிட்டதை மட்டும் யோசித்துவிட்டு நிறுத்தாதீர்கள், நான்கு நாளுக்கு முந்தைய கலக்கியும் காரணமாக இருக்கலாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், கைக்குழந்தை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள், காய்ச்சல் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ போய்விட வேண்டும். மீதமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், போட்டுவிட்டால் மலப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். வேகாத முட்டை சாப்பிட்டதையும், எந்த நாள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.