செம்புத் தண்டும் 115 கோடி வாட்டும்: கொதிநீர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்ப மாற்றம் பாடத்தில் ஒரு கணக்கு. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புத் தண்டு, வழக்கமான காற்றழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் கிடைமட்டமாக மூழ்கியிருக்கிறது. தண்டின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நொடிக்கு எவ்வளவு வெப்பம் தண்ணீருக்குப் போகிறது? இதைத்தான் வெப்பப் பாயம் என்கிறோம்.

இந்த வகைக் கணக்குக்கு அடிக்கடி வரும் விடை 115 கோடி வாட். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் சூரியனின் மேற்பரப்பே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6.3 கோடி வாட்தான் வெளிவிடுகிறது. ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் கிடக்கும் செம்புத் தண்டு சூரியனைப் போல் பதினெட்டு மடங்கு வெப்பத்தைக் கொட்டாது. சரியான விடை 51 ஆயிரம் வாட்டை ஒட்டி வரும்.

தவறு சூத்திரத்தில் இல்லை, அதைப் போட்ட இடத்தில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் விதம் ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம். எது நடக்கிறது என்பதை மிகை வெப்பநிலை சொல்லும். பரப்பின் வெப்பநிலையிலிருந்து அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலையைக் கழித்தால் கிடைப்பது அது. சாதாரண அழுத்தத்தில் தண்ணீருக்கு, மிகை 5 டிகிரிக்குள் இருந்தால் குமிழே பெரிதாக வராது. சூடான நீர் மேலெழும் இயற்கைச் சலனம்தான். 5 முதல் ஏறக்குறைய 30 வரை குமிழ்க் கொதிப்பு. 30 முதல் 120 வரை இடைநிலை. 120க்கு மேல் படலக் கொதிப்பு: பரப்பு முழுவதையும் நீராவிப் போர்வை மூடிவிடும், தண்ணீர் உலோகத்தைத் தொடாது. தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால், தெளித்த தண்ணீர் ‘சுர்’ரென்று வற்றாமல் முத்து முத்தாக உருண்டோடுமே, அங்கேயும் இதே போர்வைதான். இந்த எல்லைகள் கோடு கிழித்தாற்போல் இருக்காது. பரப்பின் சொரசொரப்புக்கு ஏற்ப நகரும்.

நம் தண்டின் மிகை 200 டிகிரி. படலக் கொதிப்பு என்று எழுதிவிட்டுத்தான் டேட்டா புக்கைத் திறக்க வேண்டும். 115 கோடி எழுதுகிறவர்கள், தலைப்பில் ‘கொதித்தல்’ என்று கண்டதும் குமிழ்க் கொதிப்புக்கான ரோசெனோவ் சூத்திரத்தில் 200ஐப் போட்டுவிடுகிறார்கள்.

மிகை வெப்பநிலையைக் கணக்கிடுவதிலேயே ஒரு சறுக்கல் உண்டு. கொதிநிலை 100 என்று கை தானாக எழுதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பரப்பு 110 டிகிரி என்றால் சென்னையில் மிகை 10, ஊட்டியில் 17 அல்லது 18. ஏழெட்டு டிகிரிதானே என்று விட முடியாது, ஏனென்றால் குமிழ்க் கொதிப்பில் வெப்பப் பாயம் மிகையின் மூன்றாம் அடுக்காக ஏறும். 1.75 மடங்கு மிகை, ஐந்து மடங்கு வெப்பம்! இன்னொரு பழக்கம், பாத்திரத்துத் தண்ணீர் 80 டிகிரியில் இருந்தால் பரப்பின் வெப்பநிலையிலிருந்து 80ஐக் கழிப்பது. அதுவும் தவறு. கழிக்க வேண்டியது கொதிநிலையை.

இனி அதே தண்டு 110 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். பரப்பு மெருகேற்றிய செம்பு. மிகை 10, குமிழ்க் கொதிப்பு. இங்கே ரோசெனோவ் 1952இல் தந்த சூத்திரம் பொருந்தும்.

```
q = μ·hfg·[g(ρl−ρv)/σ]^(1/2) · [cp·ΔT/(Csf·hfg·Pr^n)]^3
```

100 டிகிரி நீருக்குப் பாகுநிலை 279×10⁻⁶, உள்ளுறை வெப்பம் 22,57,000 ஜூல், அடர்த்தி 958, நீராவியின் அடர்த்தி 0.596, பரப்பு இழுவிசை 0.0589, தன்வெப்பம் 4217, பிராண்ட்ல் எண் 1.76. மெருகேற்றிய செம்பும் நீரும் சேரும்போது Csf 0.0128, n மதிப்பு 1. முன்பகுதி 2,51,400 வருகிறது. அடைப்புக்குள் 0.829, அதன் மூன்றாம் அடுக்கு 0.57. பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,43,000 வாட்.

இந்தச் சூத்திரத்தில் உள்ளுறை வெப்பம் இரண்டு இடத்தில் வருகிறது, விபத்தும் அங்கேதான். டேட்டா புக்கில் அது 2257 கிலோஜூல் என்று இருக்கும். தன்வெப்பத்தை ஜூலில் போட்டுவிட்டு இதை மட்டும் 2257 என்று விட்டால், விடை பத்து லட்சம் மடங்கு பெருகும். அது உடனே கண்ணில் படும். இரண்டையும் கிலோஜூலில் போட்டால்தான் சிக்கல். அடைப்புக்குள் சரியாகவே வரும், முன்பகுதி மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்காகும். 143 என்று விடை வரும். பார்க்கச் சாதுவாக இருப்பதால் பலர் அதன் கீழ் கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அது 143 கிலோவாட்.

அடுத்தது Csf. இது நீரின் குணமல்ல, பரப்பின் குணமும் அல்ல. இரண்டும் சேர்ந்த சோடிக்குச் சோதனையில் கண்ட எண். அதே செம்பின் மேல் கீறல் போட்டுவிட்டால் 0.0128 என்பது 0.0068 ஆகிறது. பாதிக்குச் சற்று மேல்தானே என்று தோன்றும். ஆனால் இதுவும் மூன்றாம் அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது, வெப்பம் 6.7 மடங்கு கூடும். கீறல்களில் குமிழ் பிறக்க இடம் கிடைப்பதுதான் காரணம். அட்டவணையில் ‘செம்பு’ என்ற முதல் வரியைக் கண்டதும் எடுத்துவிடாமல், அருகில் மெருகேற்றியதா கீறியதா என்று போட்டிருப்பதையும் படிக்க வேண்டும். n என்பது நீருக்கு 1, மற்றப் பல திரவங்களுக்கு 1.7, நீருக்கு 1.7ஐப் போட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எல்லாம் சரியாகப் போட்டாலும் ரோசெனோவ் விடை உண்மையைப் போல் இரு மடங்கு வரை விலகலாம். எனவே 1,43,452.6 என்று தசமம் வரை எழுதுவதில் பொருளில்லை.

குமிழ்க் கொதிப்பு என்று முடிவு செய்தாலும் வேலை முடியவில்லை. அதற்கு ஓர் உச்சம் உண்டு. குமிழ்கள் நெருக்கியடித்து எழும்போது, கீழே இறங்கிப் பரப்பை நனைக்க வரும் தண்ணீருக்கு வழி அடைபடும் இடம் அது. ஜூபரின் சூத்திரம் இதைத் தருகிறது:

```
qmax = 0.131·hfg·ρv·[σ·g(ρl−ρv)/ρv²]^(1/4)
```

நம் தண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 11 லட்சம் வாட். பெரிய தட்டையான தட்டு என்றால் 0.131க்குப் பதில் 0.149, விடை 12.6 லட்சம். இப்போது ரோசெனோவில் மிகை 25 போட்டுப் பாருங்கள், 22 லட்சம் வரும். மிகை 30க்குள்தானே இருக்கிறது என்று அதை விடையாக எழுதக் கூடாது. நம் தண்டுக்கு அந்த வளைவு 20 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ரோசெனோவ் தருவது வெறும் எண். இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகாது.

மிகை 60 என்று கேட்டால்? இடைநிலைக்கு நம்பத்தக்க சூத்திரம் இல்லை. பரப்பின் ஓரிடத்தில் ஆவி, ஓரிடத்தில் நீர், அதுவும் கணத்துக்குக் கணம் மாறும். இங்கே செய்யக்கூடியது, உச்சப் புள்ளிக்கும் படலக் கொதிப்பு தொடங்கும் மிகக்குறைந்த புள்ளிக்கும் நடுவே இரு அச்சும் லாக்காக உள்ள தாளில் நேர்கோடு போடுவது. அந்தக் குறைந்த புள்ளி நீருக்குச் சுமார் 19 ஆயிரம் வாட், மிகை 120 டிகிரியில். உச்சம் 30 டிகிரியில் என்று வைத்தால் 60க்கு 1.45 லட்சம் வருகிறது; 20 டிகிரியில் என்று வைத்தால் 91 ஆயிரம்தான். இவ்வளவு அகலமான இடைவெளியை அப்படியே எழுதுவதே நேர்மை. மிகை 10இல் கிடைத்த 1,43,000ஐ இதனருகே வைத்துப் பாருங்கள். பரப்பு 50 டிகிரி கூடுதலாகக் காய்ந்தும் வெப்பம் கூடவில்லை.

கடைசியாக, தொடக்கத்தில் விட்ட 300 டிகிரித் தண்டு. படலக் கொதிப்பில் கிடைமட்ட உருளைக்குப் பிராம்லியின் சூத்திரம்:

```
h·D/kv = 0.62·[g(ρl−ρv)·h'fg·D³/(νv·kv·ΔT)]^(1/4)
h'fg = hfg + 0.80·cpv·ΔT
```

இங்கே வெப்பம் ஆவிப் படலம் வழியாகப் போகிறது. ஆகவே கடத்துதிறனும் பாகுநிலையும் நீருடையவை அல்ல, நீராவியுடையவை. அவையும் படலத்தின் சராசரி வெப்பநிலையான 200 டிகிரியில் எடுக்கப்பட வேண்டும். நீரின் அடர்த்தியும் உள்ளுறை வெப்பமும் மட்டும் 100 டிகிரிக்கு உரியவை. ஆவியின் மதிப்புகளை 100 டிகிரியில் எடுத்தால் நம் கணக்கில் ஐந்து சதவீதம்தான் தவறும். kv இடத்தில் நீரின் கடத்துதிறனான 0.68ஐப் போட்டாலோ, அது ஆவியுடையதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். விடை எங்கோ போய்விடும்.

கடத்துதிறன் 0.0317, இயக்கப் பாகுநிலை 3.44×10⁻⁵, திருத்திய உள்ளுறை வெப்பம் 25.7 லட்சம் ஜூல். வெப்ப மாற்றக் குணகமான h 240 வருகிறது. சூட்டில் கருத்துப்போன செம்பின் உமிழ்திறனை 0.8 என்று கொண்டால் கதிர்வீச்சின் பங்கு 20. அதில் முக்கால் பங்கை மட்டும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கதிர்வீச்சு படலத்தைச் சற்றே தடிக்க வைத்து முதல் பங்கைக் குறைக்கிறது. கதிர்வீச்சுக் கணக்கில் மட்டும் வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும்: 573, 373. மொத்தம் 255. மிகை 200ஆல் பெருக்கினால் 51 ஆயிரம் வாட்.

இதுவரை வெப்பநிலை கொடுத்து வெப்பம் கேட்டோம். ஒரு மிகைக்கு ஒரே விடைதான். கேள்வியைத் திருப்பிப் போட்டு, ஒரு லட்சம் வாட்டுக்கு மிகை எவ்வளவு என்றால் மூன்று விடை வரும்: குமிழில் 9 டிகிரி, இடைநிலையில் ஒன்று, படலத்தில் சில நூறு டிகிரி. 1934இல் ஜப்பானில் நுகியாமா மின்சாரத்தால் கம்பியைச் சூடாக்கி இந்த வளைவை வரைந்தபோது, உச்சத்தைத் தாண்டியதும் நிக்ரோம் கம்பி உருகிப்போனது. மின்சாரம் வெப்பத்தைத்தான் கட்டுப்படுத்தும், வெப்பநிலையை அல்ல. உச்சத்தில் இருந்த கம்பிக்கு அந்த வெப்பத்தைத் தள்ள இருந்த ஒரே வழி, படலக் கொதிப்பில் ஆயிரம் டிகிரிக்கு மேல் தாவுவது. நம் செம்புத் தண்டு 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹீட்டர் என்றால், 450 வாட்டில் 110 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 3.5 கிலோவாட்டைத் தாண்டினால் செம்பின் உருகுநிலையான 1085 டிகிரியை நோக்கி ஓடத் தொடங்கும்.