அறுபதாம் கல்யாண மேடையில் கலாய்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதாம் கல்யாணத்தில் ஹோமம், கலச அபிஷேகம், தாலி கட்டு எல்லாம் காலையோடு முடிந்துவிடும். சாயங்காலம் மண்டபத்தில் நெருங்கிய சொந்தக்காரர்கள் மட்டும் மிஞ்சும்போது மைக் இளசுகள் கைக்குப் போகும். இப்போது பல வீடுகளில் இதற்கு ‘ரோஸ்ட்’ என்றே பெயர் வைத்து, மறுபடி மாப்பிள்ளையாகி மாலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைக் கலாய்க்கிறார்கள். முன் வரிசையில் அவரைப் பெற்ற அப்பத்தா, எண்பது தாண்டியவர். கீழே ஜமுக்காளத்தில் வாண்டுகள், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. மேடையில் பேசுவது இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்கள் தங்கள் சோட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து ஜோக் எழுதுவதில்தான் முக்கால்வாசித் தவறு தொடங்குகிறது.

எழுத உட்கார்ந்ததும் முதலில் கைக்கு வருவது வழுக்கை, தொப்பை, நிறம், வீட்டுக்காரம்மாவுக்குப் பயப்படுகிற புருஷன். இவை எல்லாருக்கும் பொருந்தும் என்பதுதான் இவற்றின் குறை. எந்தப் பெரியப்பாவைப் பற்றியும் சொல்லக்கூடிய ஜோக்கில் நம் பெரியப்பா இல்லை. இரண்டு பக்கத்திலும் அது வேறு வேறு விதமாகக் காயப்படுத்தும். அப்பத்தாவின் காதில் ‘பெண்டாட்டிக்குப் பயந்தவன்’ என்பது மகனுக்கு விழுந்த குறையாகவும், மருமகளுக்கு விழுந்த பழியாகவும் ஒரே நேரத்தில் கேட்கும். ஜமுக்காளத்தில் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் ஒரு பையன், தொப்பை ஜோக்குக்கு மண்டபமே சிரிப்பதைப் பார்த்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான். அது பெரியப்பாவுக்காகச் சொன்ன ஜோக் என்று அவனுக்கு யாரும் விளக்கப்போவதில்லை.

பொருளைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்து நம்பகமான வழி ஒன்றுதான். அவரே நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்த விஷயத்தை எடுங்கள். அது ஒரு பழக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. பழக்கம் கண்ணுக்குத் தெரியும், அதனால் குழந்தைக்குப் புரியும். பழக்கம் பல வருஷமாக இருக்கும், அதனால் பாட்டிக்கும் தெரியும். கடன், விற்றுப்போன வீடு, அமையாத கல்யாணம், பிறக்காத குழந்தை, பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பி, இவை ஒருவருடைய பழக்கங்கள் இல்லை, பாடுகள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒரு பெரியப்பாவை எடுத்துக்கொள்வோம். எங்கே போனாலும் ரொம்ப முன்கூட்டியே போய் நிற்பவர். ராத்திரி கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார். “லேட்டாச்சு, கிளம்பு கிளம்பு” என்பது அவர் வாயிலிருந்து நாளைக்குப் பத்துத் தடவை வரும். சரி, பொருள் கிடைத்துவிட்டது. இதை வைத்து ஒரு தம்பி மகன் முதலில் இப்படி எழுதுகிறான் என்று வையுங்கள்:

“எங்க பெரியப்பா எப்பவுமே டிக்கெட் வாங்குறதுல அவசரக்காரர். ரயிலுக்கே இவர்தான் நோட்டிஃபிகேஷன் அனுப்புவார். பெரியம்மா பாவம், முப்பத்தஞ்சு வருஷமா வெயிட்டிங் லிஸ்ட்லயே இருக்காங்க.”

மூன்று வரியில் மூன்று தவறு இருக்கிறது. ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அறுபது நிறைந்து, நூறு வயசு இருக்கணும் என்று காலையில்தான் ஆசீர்வாதம் செய்திருக்கிறார்கள். அந்த மேடையில் ‘டிக்கெட்’டையும் ‘அவசர’த்தையும் பெரியப்பாவோடு சேர்த்துச் சொன்னால் வயதானவர்கள் முகம் சுருங்கிவிடும். எழுதியவனுக்கு ரயில் மட்டும்தான் தெரிந்தது, அவர்களுக்கு வேறொன்று கேட்டது. ரயில், வண்டி, பயணம், கடைசி, கிளம்பிட்டார் என்று வரும் எந்த வரியையும் மங்கல நிகழ்ச்சிக்கு முன் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும், அதுவும் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் முன்னால்.

இரண்டாவது வரியில் நோட்டிஃபிகேஷன். பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும், அப்பத்தாவுக்குப் புரியாது. அவர் பக்கத்தில் இருப்பவரிடம் “என்ன சொன்னான்?” என்று கேட்பார். அவர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு ஜோக் போய்விடும். ரீல்ஸில் வரும் வசனம், மீம், ஆபீஸ் பேச்சு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பட வசனத்தைச் சொன்னால் இந்தச் சங்கடம் ஜமுக்காளத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

மூன்றாவது வரி பெரியப்பாவை விட்டுவிட்டுப் பெரியம்மாவின் மேல் போய் விழுகிறது. அவர் புருஷனோடு சந்தோஷமாக இல்லை என்று மறைமுகமாகச் சொல்கிறது. சம்பந்தி வீட்டார் சபையில் இருந்தால் இதன் கனம் இரட்டிப்பாகும். ஒரு வரியை எழுதி முடித்ததும், இது கடைசியில் யார் மேல் விழுகிறது என்று பார்ப்பது அவசியம். மேடையில் இருப்பவரைத் தவிர வேறு யார் மேலாவது விழுந்தால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

இப்போது அதே பொருளைத் திருத்தி எழுதுவோம். குழந்தைகளுக்கு வார்த்தை விளையாட்டைவிடச் சத்தமும் திரும்பத் திரும்ப வருவதும்தான் பிடிக்கும். அதனால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். மேடையில் இருப்பவன் “அப்போ பெரியப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டால், வாண்டுகள் எல்லாம் சேர்ந்து “லேட்டாச்சு, கிளம்பு கிளம்பு!” என்று கத்த வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் வராண்டாவில் ஒருமுறை ஒத்திகை பார்த்தால் போதும். அப்புறம் கதையைச் சிறு சிறு வரியாகச் சொல்லலாம்.

“வண்டி ராத்திரி. நாங்க ஸ்டேஷனுக்குப் போனப்போ நல்ல வெயில். அப்போ பெரியப்பா என்ன சொன்னார்?”

குழந்தைகள் கத்துவார்கள்.

“முகூர்த்தம் காலையில. கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாள் போய்ட்டோம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்ல. அப்போ பெரியப்பா என்ன சொன்னார்?”

மறுபடி கத்துவார்கள். இதுவரை வாண்டுகளின் பங்கு. இனி பெரியவர்களுக்கு. தமிழ் வருஷங்கள் அறுபது. ஒருவர் பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வருவதுதான் இந்த விழாவுக்கே அடிப்படை. 1966 சித்திரைக்கும் 1967 சித்திரைக்கும் இடையில் பிறந்தவர் பராபவ வருஷத்துப் பிள்ளை. அந்தப் பெயர் மறுபடி வருவது 2026இல். எனவே:

“பெரியப்பா பிறந்தது பராபவ வருஷம். அது திரும்பி வர அறுபது வருஷம் ஆகும். பெரியப்பா அம்பத்தெட்டுலயே வேட்டி சட்டையோட வாசல்ல வந்து நின்னுட்டார்.”

இந்த வரி அப்பத்தாவுக்கு உடனே பிடிபடும், பஞ்சாங்கம் அவர் உலகம். குழந்தைகளுக்குப் பராபவ என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் பெரியப்பா வேட்டியோடு வாசலில் காத்து நிற்கும் காட்சி கண்ணில் வந்துவிடும், அடுத்து கத்தப் போகிறோம் என்பதும் தெரியும். இரண்டு வயதுக்காரர்களும் ஒரே நேரத்தில், வேறு வேறு காரணத்துக்காகச் சிரிப்பார்கள். இதுபோல் இரண்டு அடுக்கு உள்ள வரிகள் நாலைந்து இருந்தாலே முழு நிகழ்ச்சிக்கும் போதும்.

அடுத்த தவறு, யார் எதைச் சொல்வது என்பதில் வருகிறது. நம் குடும்பங்களில் கேலிக்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. மச்சான் மச்சானைக் கேலி செய்வதும், கொழுந்தியாள் மாமாவைக் கேலி செய்வதும் உரிமை. அக்கா மகனுக்குத் தாய்மாமனிடம் அந்தச் சலுகை கொஞ்சம் உண்டு. தம்பி மகன் என்றால் மகன் முறை, அங்கே கை கொஞ்சம் அடங்க வேண்டும். மருமகள் மாமனாரைச் சபையில் கலாய்ப்பதை எத்தனையோ வீடுகளில் இன்னும் ஏற்கமாட்டார்கள். அது சரியா என்பது வேறு பேச்சு. அதைத் தீர்த்துக்கொள்ள இந்த மேடை இடமில்லை, மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான். ஆகவே காரமான வரிகளைப் பெரியப்பாவின் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். “இவருக்குப் பொண்ணு பார்க்க வரச் சொன்னது பத்து மணிக்கு. வந்தது ஏழு மணிக்கு. நான் அப்போ பல் விளக்கிக்கிட்டு இருந்தேன்” என்று பெரியம்மாவின் தம்பி சொன்னால் சபை உருண்டு சிரிக்கும். வேறு யார் சொன்னாலும் அந்தச் சிரிப்பில் பாதிதான் வரும்.

குழந்தைகளையே கலாய்ப்பதைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். மார்க், படுக்கையை நனைத்த கதை, திக்குவாய், பல் விழுந்த வாய் எதுவும் வேண்டாம். சின்னக் குழந்தை கிண்டலை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், அதனாலேயே இன்னும் வலிக்கும். அதோடு, குழந்தைகள் மேடையில் கேட்டதை மறுநாள் வீட்டில் திரும்பச் சொல்வார்கள். எழுதிய வரியை எட்டு வயதுப் பேத்தி காலையில் தாத்தா முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சங்கடமாக இருந்தால் அந்த வரி சரியில்லை.

நல்ல ஜோக்கும் காதில் விழாமல் வீணாகும். வயதாக ஆக முதலில் மங்குவது மெல்லிய, கீச்சான ஒலிகளைக் கேட்கும் திறன். ஸ, ச, த போன்ற எழுத்துகள் கரைந்துபோகும். பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. கல்யாண மண்டபத்தின் எதிரொலி அதை இன்னும் குழப்பிவிடும். எனவே பின்னணி இசையை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டுவதைவிட மெதுவாகப் பேசுவதுதான் உதவும். சிரிக்க வைக்கும் வார்த்தை வரியின் கடைசியில் வரட்டும், அதைச் சொல்லும்போது மைக்கால் வாயை மறைக்காமல் அப்பத்தாவின் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

தவறிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சபை சிரிப்பதற்கு முன் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கும். ‘இதுக்குச் சிரிக்கலாமா’ என்று அனுமதி கேட்கும் பார்வை அது. பெரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மாலையைச் சரிசெய்யத் தொடங்குவார். அந்த நொடியில் “சும்மா ஜோக்குக்குத்தான்” என்று சமாளித்தால் புண் பெரிதாகும். அந்தப் பொருளில் மீதி வைத்திருக்கும் வரிகளை விட்டுவிட்டு, “அப்போ பெரியப்பா என்ன சொன்னார்?” என்று வாண்டுகளிடம் திரும்பிவிட வேண்டும். குழந்தைகளின் கத்தல் சபையை நிமிர்த்திவிடும்.

கடைசி வரியைப் பேரன்மார் யாரும் சொல்ல வேண்டாம், அப்பத்தாவுக்கு விட்டுவிடலாம். இரண்டு நாள் முன்பே அவரிடம் உட்கார்ந்து, சின்ன வயதில் பெரியப்பா எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அவராகச் சிரித்துக்கொண்டே சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேறு பற்றிய கதையில் சொல்லாத துக்கமும் இருக்கலாம் என்பதால் துருவக் கூடாது. “டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்தியே வந்துட்டான்டா இவன்” என்று அவரே சொன்னால், வேறு எதையும் தேட வேண்டியதில்லை. மேடையில் பேரன் “அப்பத்தா, இவர் எப்போ இருந்து இப்படி?” என்று கேட்டு மைக்கை அவரிடம் நீட்டட்டும். அவர் எப்படிச் சொன்னாலும், மெதுவாகச் சொன்னாலும், பாதியில் சிரித்துவிட்டாலும், குறுக்கே பேசக் கூடாது. அதற்குப் பிறகு யாரும் மைக்கைத் தொடாமல் நேரே பந்திக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். மொத்தமும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்தால் குழந்தைகள் தூங்கி வழிவதற்குள் இலை போட்டுவிடலாம்.