வீட்டுப் படங்களை ஆண்டு, நிகழ்வு வாரியாக அடுக்குவது எப்படி? திகதிதான் சிக்கல்

மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் படங்கள் இல்லாத இடமே இல்லை. அலுமாரியில் ஆல்பம், மேசை லாச்சியில் ஸ்டூடியோ தந்த பென் டிரைவ், ஆளாளுக்குப் போன், கனடாவில் இருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன மெமரி கார்ட். எல்லாவற்றையும் ஒரு ஹாட் டிஸ்க்கில் போட்டு, ஆண்டு ஆண்டாகப் பிரித்து முடித்திருக்கிறேன். போல்டர் திறப்பது, கொப்பி பண்ணுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரத்தைத் தின்றது ஒரே விஷயம்: ஒரு படம் உண்மையில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது. ஆகையால் அதைத்தான் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர் முறை

ஆண்டுக்கு ஒரு போல்டர். அதற்குள் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒன்று. பெயர் இப்படி:

```
2016
  2016-04-14_சித்திரை வருடப்பிறப்பு
  2016-06-10_சாமத்தியவீடு_கல்லடி
  2016-08-00_மாமாங்கம்
```

ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கை மாற்ற வேண்டாம். நாம் பேசுவதுபோல நாளை முன்னுக்குப் போட்டால் எல்லா மாதத்து 10ஆம் திகதிகளும் ஒரே இடத்தில் போய் நிற்கும். நாள் தெரியாவிட்டால் 00, மாதமும் தெரியாவிட்டால் 00-00. அந்த 00 இரண்டு வேலை செய்கிறது. அந்த மாதத்தின் அல்லது ஆண்டின் தொடக்கத்திலேயே போல்டரை நிறுத்தும். "இந்தத் திகதி நிச்சயமில்லை" என்று பிறகு பார்ப்பவருக்கும் சொல்லும். ஊர்ப்பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு சாமத்தியவீடு நடக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு.

ஆண்டே தெரியாத பழைய படங்களுக்கு "198x" என்று பெயர் வைக்காதீர்கள். விண்டோஸ் அதை 198 என்ற எண்ணாக வாசித்து, 1960க்கும் மேலே கொண்டுபோய் வைக்கும். "1980கள்" என்று வைத்தால் சரியான இடத்தில் நிற்கும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஆனால் யூனிகோட்டில் தட்டுங்கள். சாமத்தியவீட்டுப் பென் டிரைவைத் திறந்தபோது உள்ளே இருந்த போல்டரின் பெயர் `rhkj;jpatPL`. வைரஸ் என்று அக்கா பயந்துவிட்டா. அது பாமினி எழுத்துருவில் தட்டிய "சாமத்தியவீடு". எழுத்துருவைத் தெரிவுசெய்ய முடியாத இடத்தில் பாமினி இப்படித்தான் தெரியும். இப்படி ஏதும் கண்டால் ஒரு பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி வாசித்துவிட்டு, பெயரை மாற்றி வையுங்கள்.

வந்ததை வந்தபடி வையுங்கள்

பிரிக்கத் தொடங்கும் முன் "வந்தவை" என்று ஒரு போல்டர் திறந்து, அதற்குள் யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரில் தனித்தனியாகக் கொப்பி பண்ணுங்கள். ஸ்டூடியோ, சித்தப்பா கமரா, அக்கா போன் என்று. உடனே கலந்துவிட்டால் எந்தக் கமராவின் நேரம் பிழை என்று பிறகு பிடிக்க முடியாது.

அடுத்து, போல்டரை Details காட்சியில் திறந்து, மேலே தலைப்புப் பட்டையில் வலது கிளிக் பண்ணி `Date taken` என்ற நிரலைச் சேருங்கள். `Date modified`, `Date created` இரண்டையும் பார்க்கவே வேண்டாம். ஒன்று பைல் கடைசியாக மாற்றப்பட்ட நேரம், மற்றது இந்த டிஸ்க்குக்கு அது வந்து சேர்ந்த நேரம். கமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த நேரம் `Date taken` மட்டும்தான்.

கமராவின் கடிகாரம்

அக்கா மகளின் சாமத்தியவீடு 2016 ஜூன் 10. சித்தப்பாவின் கமராவில் இருந்த நீராட்டுப் படங்கள் எல்லாம் ஜூன் 9, இரவு எட்டரை மணி என்று காட்டின. படத்தைப் பார்த்தால் வெளிச்சம் வந்துவிட்டது, முற்றத்தில் வாழைமரத்தின் நிழல் நீளமாக விழுகிறது. இரவில் எடுத்த படம் என்றால் யார் நம்புவது? கமரா இன்னும் டொரண்டோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே கோடையில் நம்மைவிட 9 மணி 30 நிமிடம் பின்னால். குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடம். வெளிநாட்டில் இருந்து வந்து கல்யாணம், திருவிழா என்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

வித்தியாசத்தை ஊகித்துப் போட வேண்டாம், அளந்து போடுங்கள். ஒரே கணத்தை இரண்டு கமராவும் பிடித்த படம் ஒன்று தேவை. எனக்குக் கிடைத்தது ஆலாத்தி எடுக்கும் கணம். மாமியின் கையில் தட்டு ஒரே உயரத்தில் இருக்கிறது, பின்னால் நிற்கும் சின்னப் பையன் இரண்டு படத்திலும் கொட்டாவி விடுகிறான். ஸ்டூடியோக் கமராவில் காலை 9:42, சித்தப்பாவினதில் அதே திகதி, நள்ளிரவு தாண்டி 12:12. சரியாக ஒன்பதரை மணி. இப்படி ஒரு சோடி கிடைக்காவிட்டால், சுவர்க் கடிகாரம் தெரியும் படம் ஒன்றைத் தேடி, பெரிதாக்கி முள்ளைப் பாருங்கள். ஆளில்லாத மண்டபப் படத்தில்கூடக் கடிகாரம் இருக்கும்.

திருத்துவதற்கு எனக்குப் பிடித்த கருவி எக்சிப்டூல். இலவசம். பொத்தான்கள் ஒன்றும் இருக்காது, ஆனால் சொன்னதை மட்டும் செய்யும். படங்களைத் தன் சொந்தப் பட்டியலுக்குள் விழுங்கிக்கொள்ளும் பெரிய மென்பொருள்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. அந்த மென்பொருள் போனால் அடுக்கிய அடுக்கும் அதோடு போகும். எக்சிப்டூலைத் தரவிறக்கி விரித்தால் `exiftool(-k).exe` என்று ஒரு பைலும், பக்கத்தில் ஒரு போல்டரும் இருக்கும். பைலின் பெயரை `exiftool.exe` என்று மாற்றி, இரண்டையும் `C:\fix` என்ற போல்டரில் வையுங்கள். திருத்த வேண்டிய படங்களின் கொப்பியை அதற்குள்ளே `cam` என்ற போல்டரில் போடுங்கள். இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், விண்டோஸில் தமிழ்ப் பெயரோடு இது அடிக்கடி மல்லுக்கட்டும். இனி `C:\fix` போல்டரின் முகவரிப் பட்டையில் `cmd` என்று தட்டி என்டர் அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில்:

```
exiftool "-AllDates+=9:30" cam
```

கமரா பின்னால் நின்றால் `+=`, முன்னால் நின்றால் `-=`. ஒரு தடவை மட்டும் ஓட்டுங்கள். "வேலை செய்ததோ தெரியவில்லை" என்று மறுபடி ஓட்டினால் இன்னொரு ஒன்பதரை மணி கூடிவிடும். பழைய பைல்கள் `_original` என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். ஆலாத்திப் படம் இரண்டும் அருகருகே வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அவற்றை அழிக்கலாம்.

வாட்ஸ்அப் படங்கள்

`IMG-20190811-WA0034.jpg` என்றால் 2019 ஆகஸ்ட் 11இல் எடுத்தது என்று அர்த்தமில்லை. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, அவ்வளவுதான். இந்தப் படமே 2016 சாமத்தியவீட்டுப் படம்தான்; மூன்று வருடம் கழித்து குடும்பக் குழுவில் யாரோ மறுபடி போட்டது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருந்த `Date taken` போய்விடும், படமும் சிறுத்துவிடும். ஆகவே இவற்றைக் கண்ணால் பார்த்து, உடுப்பையும் அலங்காரத்தையும் வைத்து நிகழ்வில் சேர்க்க வேண்டியதுதான். அதே படத்தின் பெரிய பைல் வேறு யாரிடமும் இருந்தால் இதைத் தூக்கி எறியுங்கள். இனிமேல் உறவினரிடம் கேட்கும்போது "டொக்கியுமென்டாக அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள்; அப்படி வந்தால் திகதி அப்படியே இருக்கும்.

சேர்த்த பிறகு திகதியும் எழுதிவிடலாம். படங்களை மொத்தமாகத் தெரிவுசெய்து, வலது கிளிக், `Properties`, `Details`, அங்கே `Date taken`. இதற்குக் கறுப்புத் திரை தேவையில்லை.

ஆல்பத்தில் இருந்து ஸ்கேன் பண்ணியவை

சாதாரண அளவுப் படங்களுக்கு 600 டிபிஐ போதும். படத்தின் பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனர் அன்றைய திகதியைத்தான் போடும், அதை நம்பி அடுக்கினால் அம்மம்மாவின் கல்யாணம் இந்த வருடத்தில் போய் விழும்.

எங்கள் ஊர்ப் படங்களுக்குத் திகதி பிடிக்க உதவும் சில அடையாளங்கள் உண்டு. பின்னால் புதிய கல்லடிப் பாலம் தெரிந்தால் அது 2013க்கு முந்தியதாக இருக்காது. வீட்டுக்காரர் "சூறாவளிக்கு முந்தி" என்றால் 1978 நவம்பர் 23க்கு முன். திருவிழாப் படம் என்றால் பஞ்சாங்கம் கைகொடுக்கும். எங்கள் ஆல்பத்தில் ஒரு படத்தின் பின்னால் "மாமாங்கம் தீர்த்தம் 98" என்று மட்டும் பென்சிலில் இருந்தது. மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம் ஆடி அமாவாசையில். 1998இல் அது ஜூலை 23. முழுத் திகதியும் கிடைத்துவிட்டது. நெகட்டிவ் இருந்தால் அதன் விளிம்பில் உள்ள இலக்கங்களைப் பாருங்கள். ஒரே ரோலில் எது முந்தி எது பிந்தி என்று அது சொல்லும். ஒரு படத்தின் நாள் தெரிந்தால் அந்த ரோலின் மற்றப் படங்களையும் கிட்டத்தட்ட மட்டுக்கட்டலாம்.

ஆண்டு மட்டும் தெரிந்த படத்துக்கு, `Date taken` இல் 00 போட முடியாது. நான் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 பகல் 12 மணி போடுகிறேன். போல்டர் பெயரில் 00-00 இருப்பதால் அது இட்டுக்கட்டிய நாள் என்று விளங்கும்.

இரண்டாவது டிஸ்க்

முடிந்ததும் முழுவதையும் இன்னொரு ஹாட் டிஸ்க்கில் கொப்பி பண்ணி வேறு வீட்டில் வையுங்கள், கடற்கரையில் இருந்து தள்ளி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடிப் பக்கத்தில் பலருக்கு மிஞ்சியது வேறு ஊர்ச் சொந்தக்காரரின் ஆல்பத்தில் இருந்த படங்கள்தான். எங்களுடைய இரண்டாவது டிஸ்க் செங்கலடியில், மாமா வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் போகும்போது புதியதைச் சேர்த்துக்கொள்கிறோம்.

பிற்சேர்க்கை: வீடியோ

இதைப் படித்துச் செய்துபார்த்த இரண்டு பேர், விடியற்காலை வீடியோக்கள் மட்டும் முந்திய நாளில் போய் நிற்கின்றன என்று எழுதியிருந்தார்கள். கமராவின் நேரத்தை மாற்றாதீர்கள், அதில் பிழை இல்லை. எம்பி4 பைலுக்குள் நேரத்தைப் பொதுவாகக் கிரீன்விச் நேரத்தில்தான் எழுதுவார்கள். நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை ஐந்தரைக்கு முன் எடுத்தது எல்லாம் உள்ளே முந்திய நாளாக இருக்கும். போனில் எடுத்த வீடியோவுக்குப் பெயரையே நம்புங்கள்: `VID_20160610_051233.mp4` என்றால் நம் நேரப்படி ஜூன் 10, காலை 5:12. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயர் `VID-20160610-WA0007.mp4` என்று நடுவில் கோட்டோடு இருக்கும். அதற்கு மேலே சொன்ன வாட்ஸ்அப் கதைதான்.