இரண்டு நாணயங்களைச் சுண்டி நிகழ்தகவு கற்பித்தல்

மட்டக்களப்பில் தரம் 10 மாணவருக்கு நிகழ்தகவு கற்பிக்கும்போது, நான் ஒற்றை நாணயத்துடன் நிறுத்துவதில்லை. அங்கே எதிர்வுகூறல் பெரும்பாலும் சரியாகிவிடுவதால் வியப்புக்கு இடமில்லை.

ஒவ்வொரு சோடி மாணவருக்கும் ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களைக் கொடுத்து, 40 தடவை ஒன்றாகச் சுண்டினால் இரு தலை, ஒரு தலை, தலையே இல்லாமை ஆகியன எத்தனை தடவை கிடைக்கும் என்பதை முதலில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பென்சிலால் எழுதினால் பின்னர் திருத்திவிடுவார்கள். அரச இலச்சினை உள்ள பக்கமே தலை என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். நாணயங்கள் உருண்டோடாதிருக்க, தரையில் ஒரு பன்பாயை விரித்தால் போதும்.

பலர் ஏறத்தாழ 13, 13, 13 என்றே எழுதுவார்கள். கிடைப்பதோ 8, 23, 9 போன்ற பேறுகள். கணிதவியலாளர் டி'அலம்பேரும் 1754இல் இதையொத்த தவற்றையே செய்தார் என்று சொன்னால் பிள்ளைகளின் கூச்சம் நீங்கும்.

அடுத்து 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களைக் கொடுத்து நான்கு நிரல்களில் பதியச் செய்தால், ஒரு தலை இரு வழிகளில் வருவதை அவர்களே காண்பார்கள். ஆகவே எதிர்பார்க்கத்தக்கது 10, 20, 10. ஒரு சோடிக்கு நடுப்பேறு 14 முதல் 26 வரை அமைவது இயல்பே. 15 சோடிகளின் 600 பேறுகளைக் கூட்டினால் அது 300ஐ நெருங்கும்.

இரு நிறத் தாயக்கட்டைகளின் கூட்டுத்தொகை 7 ஆவதற்கு 36இல் 6 வழிகளும், 2 ஆவதற்கு ஒரே வழியும் இருப்பதை இதன் பின்னர் எடுத்தால் எளிதில் விளங்கும்.