பச்சைப்பயறு முளைப்பதை டைம்லாப்ஸ் எடுக்கலாம், மினுங்காமல்

முதல் தடவை நான் தொட்டியை ஜன்னலோரம் வைத்து, கேமராவை ஆட்டோவில் விட்டு, 20 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். வந்த வீடியோ டியூப்லைட் எரியத் தயங்குவதைப் போல மினுங்கியது. செடியோ வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் சாய்ந்து, நாலாம் நாளே ஃபிரேமை விட்டுப் போய்விட்டது. கீழே இருப்பது இரண்டாம் முறை செய்தது.

இடைவெளி

முளை மண்ணைப் பிளந்து வரும்போது தலை குனிந்து கொக்கி போல இருக்கும். அது நிமிர்வதுதான் இந்த வீடியோவின் உயிர். என் தொட்டியில் அதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆனது. 20 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் அந்த 5 மணி நேரத்துக்கு 15 படம்தான். நொடிக்கு 25 படம் ஓடும் வீடியோவில் அது 0.6 நொடி, கண் சிமிட்டினால் போச்சு. 5 நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் 60 படம், அதாவது 2.4 நொடி. இது போதும்.

ஆக, மொத்த நாளை வைத்து இடைவெளியைக் கணக்குப் போடாதீர்கள். எந்த அசைவைக் காட்ட வேண்டுமோ, அதை வைத்துப் போடுங்கள். 5 நாளுக்கு 1,440 படம் சேரும். வீடியோ ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மெதுவான பகுதிகளில் படங்களைக் கழித்துக்கொள்ளலாம். எடுக்காத படத்தை எங்கே போய்த் தேடுவது?

இடமும் வெளிச்சமும்

ஜன்னலை மறைத்த அறையின் ஒரு மூலையே நல்லது. ஒரு எல்.இ.டி. பல்பைத் தொட்டிக்கு நேர் மேலே, கேமராவுக்குத் தெரியாத உயரத்தில் மாட்டி, 5 நாளும் அணைக்காமல் விடுங்கள். வெளிச்சம் மேலிருந்து வந்தால் செடி நேராக வளரும். பயறை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஃபிரேமில் மண் கீழ்க் கால்வாசியில் இருக்கட்டும். மீதி இடம் செடிக்கு.

தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் மண் இறங்கி, வீடியோவில் செடி துள்ளும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் ஊற்றுங்கள். டிரைபாட் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது கேமரா அசையும் என்பதால் கரண்டில் ஓடும் டம்மி பேட்டரி நல்லது. கரண்ட் போனால் கேமராவும் பல்பும் சேர்ந்து நிற்கும், இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை.

எக்ஸ்போஷர்

எல்லாமே மேனுவல். நான் 18-55 லென்ஸை 55-ல் வைத்து, ISO 100, f/5.6, 1/5 நொடி என்று அமைத்தேன். உங்கள் பல்புக்கு இது மாறும். ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஊன்றிய இடத்தில் ஒரு ஈர்க்குச்சியை நட்டு அதில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டுங்கள். அப்புறம் குச்சியை எடுத்துவிடலாம்.

f/5.6-க்குக் காரணம் உண்டு. அந்த லென்ஸ் 55-ல் திறக்கக்கூடிய முழு அளவே அதுதான். f/11 வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கும் இதழ்கள் மூடித் திறக்கும், ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். தனிப்படத்தில் அது தெரியாது. வரிசையாக ஓடவிட்டால் மினுங்கும்.

மினுங்கினால் யார் காரணம்?

முதல் நாளே நூறு படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். படத்துக்குப் படம் ஒழுங்கில்லாமல் லேசாகத் துடித்தால், லென்ஸ் இதழ்கள். படத்தில் குறுக்கே பட்டை விழுந்தால், பல்பு: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல மலிவு எல்.இ.டி.கள் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 1/500 போன்ற வேக ஷட்டர் அதைப் பிடித்துவிடும், 1/5 பிடிக்காது. நிறம் மாறினால் ஒயிட் பேலன்ஸ். மணிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கினால் ஜன்னல் வெளிச்சம் எங்கோ கசிகிறது.

படங்களை வீடியோவாகச் சேர்க்கும் ffmpeg என்ற நிரலே மிச்சமிருக்கும் லேசான துடிப்பையும் சரிசெய்யும்:

```
ffmpeg -framerate 25 -start_number 1 -i IMG_%04d.JPG -vf "deflicker=size=10,scale=1920:-2" -c:v libx264 -pix_fmt yuv420p out.mp4
```

`size=10` என்பது பக்கத்துப் படங்கள் பத்தின் சராசரி வெளிச்சத்தோடு ஒத்துப்போகச் செய்வது. முழுப் படத்தின் வெளிச்சத்தையும் ஒரே அளவில் கூட்டிக் குறைப்பதால், குறுக்குப் பட்டைக்கு இது உதவாது. முதல் படத்தின் எண் வேறாக இருந்தால் `-start_number`-ஐ மாற்றுங்கள். நடுவில் படங்களை அழித்தால் வரிசை எண்ணைத் திரும்ப ஒழுங்குபடுத்துங்கள்; இல்லாவிட்டால் வீடியோ அங்கேயே நின்றுவிடும்.